"நான் கேட்டது இது இல்லையே": ஜப்பான் கடைகளில் மரியாதை குறையாமல் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள், குறிப்பாக நிஷி கசாய் பக்கம் வீடு எடுப்பவர்கள், முதல் மாதத்திலேயே கேட்கும் சந்தேகங்கள் இவை. வணக்கம், நன்றி, எவ்வளவு என்பதெல்லாம் எப்படியோ வந்துவிடுகிறது. தட்டு மாறி வரும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது. ஒன்று, பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். இல்லையென்றால், புத்தகத்தில் படித்த வாக்கியத்தைச் சொல்லி, கடைக்காரப் பெண் பதறிப்போய் பத்து முறை தலை குனிவதைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஹோட்டல்ல வேற ஏதோ வந்துட்டா, ஒரே வரியில என்ன சொல்லணும்?

"சுமிமசென், கொரெ, ச்சூமொன் ஷ்த மொனொ தொ ச்சிகவு மிதாய் நந்தெஸ்ங்க…"

சொல்லுக்குச் சொல் பார்த்தால்: சுமிமசென் என்றால் மன்னிக்கணும், கொரெ என்றால் இது, ச்சூமொன் ஷ்த மொனொ என்றால் ஆர்டர் செய்த பொருள், தொ ச்சிகவு என்றால் அதிலிருந்து வேறாக இருக்கிறது, மிதாய் என்றால் போல. கடைசியில் வரும் நந்தெஸ்ங்க, பேச்சை மரியாதையாக இழுத்து, முடிக்காமல் விடுவதற்கு. மொத்தமாகத் தமிழில் சொன்னால், "ஏங்க, இது நான் சொன்னது மாதிரி தெரியலையே…"

இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். சாப்பாட்டுக் கடை, காபிக் கடை, பேக்கரி, துணிக்கடை எங்கும் செல்லும். நீளமாக இருக்கிறது என்று பயந்தால், "சுமிமசென், கொரெ, ச்சிகவு மிதாய் நந்தெஸ்ங்க" என்று நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள். மரியாதை குறையாது.

தமிழ் எழுத்துல இருக்கிறதை அப்படியே படிச்சா அவங்களுக்குப் புரியுமா?

பெரும்பாலும் புரியும், ஓர் இடத்தைத் தவிர. நம் எழுத்தில் க ஒன்றுதான். ஜப்பானிய மொழியில் "கல்" என்பதில் வரும் வல்லோசை வேறு, "தங்கம்" என்பதில் வரும் மெல்லோசை வேறு. வாக்கியத்தின் கடைசியில் வல்லோசை வந்தால் அது கேள்வி. மெல்லோசை வந்தால் "…ஆனால்" என்று இழுத்து நிறுத்துவது. புகார் சொல்ல நமக்கு வேண்டியது இரண்டாவது. அதனால்தான் அதை இந்தப் பக்கம் முழுக்க "ங்க" என்று எழுதியிருக்கிறேன். "சொல்லுங்க" என்று முடிக்கிறோமே, ஏறக்குறைய அதே ஒலி. கேள்வியாக வரும் இடங்களில் "க்கா" என்று எழுதியிருக்கிறேன். க்-கை அழுத்த வேண்டாம், வல்லோசை என்பதற்கு அடையாளம் அவ்வளவுதான்.

மற்றபடி "மிதாய்" என்பதில் வரும் த, "தாய்" என்பதன் த போல வல்லினம். சொல் நினைவில் நிற்க மிட்டாயை நினைத்துக்கொள்ளலாம், "ட்ட" என்ற அழுத்தம் மட்டும் வேண்டாம். அப்புறம் எந்தச் சொல்லையும் தனியாக ஓங்கிச் சொல்லாதீர்கள். வாக்கியம் முழுக்க ஒரே மட்டத்தில் போய், கடைசியில் லேசாகத் தேய்ந்து நிற்க வேண்டும்.

என் பாடப்புத்தகத்துல "கொரெ வ வதஷி ங்க ச்சூமொன் ஷ்த மொனொ தெவ அரிமசென்"னு இருக்கே, அது தப்பா?

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைத் தமிழில் வைத்துப் பாருங்கள்: "இது நான் ஆர்டர் செய்த பொருள் அல்ல." நம் ஊர் டிபன் கடையில் யாராவது இப்படிப் பேசுவார்களா? "அண்ணே, நான் பொடி தோசைல்ல சொன்னேன், மாறி வந்திருச்சு போல" என்போம். ஜப்பானியர் காதிலும் அந்தப் புத்தக வாக்கியம் வாக்குமூலம் கொடுப்பது போலத்தான் விழும்.

இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. முதலாவது "வதஷி ங்க", அதாவது "நான்". ஜப்பானியப் பேச்சில் இந்த "நான்" சாதாரணமாக வருவதில்லை. யார் ஆர்டர் செய்தது என்பது மேசையில் உட்கார்ந்திருப்பதிலேயே தெரிகிறது. தேவையில்லாத இடத்தில் அதைப் போட்டால், "நான் கேட்டது ஒன்று, நீ கொண்டுவந்தது ஒன்று" என்ற தொனி வந்துவிடும். இரண்டாவது "தெவ அரிமசென்" என்று "அல்ல" போட்டுக் கதவைச் சாத்துவது. எதிரில் நிற்பவர் பதில் சொல்லவோ சரிபார்க்கவோ இடமே இல்லை. "மிதாய்" போட்டால் அந்த இடம் கிடைக்கிறது. நீங்கள் நூறு சதவீதம் சரி என்று தெரிந்தாலும் "போல" என்றே சொல்லுங்கள். யாரும் அதை உங்கள் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நீங்க"ன்னு மரியாதையா சேர்த்துக்கிட்டா சரியாயிடாதா?

ஆகாது, இன்னும் கெடும். தமிழில் "நீங்க" சேர்த்தால் மரியாதை கூடுகிறது. ஜப்பானிய மொழியில் முன்னால் நிற்பவரை "அனத்தா" என்று சுட்டுவதே கடையில் முரட்டுத்தனம். மரியாதையை வினைமுற்றும் (மஸ், தெஸ் என்று முடிவது) முதலில் வரும் சுமிமசெனும் பார்த்துக்கொள்கின்றன. ஊழியரைக் கூப்பிடுவதற்கும் அந்த சுமிமசென்தான். விரலைச் சொடுக்குவது, உஸ் என்பது எல்லாம் வேண்டாம்.

தப்புன்னு சொல்ல "மச்சிகயெரு"ன்னு ஒரு சொல் படிச்சேன். அதைப் போடலாமா?

உங்கள் தப்பைச் சொல்லும்போது போடுங்கள், கடையின் தப்பைச் சொல்லும்போது வேண்டாம். "ச்சிகவு" என்பது வேறாக இருக்கிறது, ஒத்துப்போகவில்லை என்று பொருளைப் பற்றிச் சொல்வது. "மச்சிகயெரு" என்பது ஒருவர் தவறு செய்தார் என்று ஆளைப் பற்றிச் சொல்வது. "ஆர்டர் மாறிடுச்சு" என்பதற்கும் "ஆர்டரை மாத்திட்டீங்க" என்பதற்கும் உள்ள தூரம்தான் இது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கே நேராக உதவுகிறது. வாயில் பிறவினை வந்தால், யாரோ ஒருவரைக் கைகாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம் என்றே சொல்வேன். சிக்கல் எங்கே என்றால், நம்மில் பலர் தமிழில் நினைத்ததை முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றுகிறார்கள். நடுவழியில் "போல", "மாறிடுச்சு", கடைசி இழுவை மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. "மாறி வந்திருக்கு போலயே" என்பதிலிருந்து நேரே கிளம்பினால், "ச்சிகவு மிதாய் நந்தெஸ்ங்க" ஏறக்குறைய அதே வரிசையில் வந்து உட்காரும்.

பேச்சைப் பாதியில நிறுத்தினா, மாத்திக் கொடுக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியும். அந்த இடைவெளியே அவர்களுக்கான அழைப்பு. நீங்கள் "ங்க…" என்று நிறுத்திய நொடியில் ஊழியர் "மோஷிவகெ கொசய்மசென்" (மிகவும் வருந்துகிறோம்) என்று ஆரம்பித்துவிடுவார். பரிகாரத்தை அவர் வாயால் சொல்ல விடுவதுதான் இங்கே நாகரிகம். "மாற்றிக் கொடுங்கள்" என்பதை நீங்களே முதலில் சொன்னால் தப்பில்லை, ஆனால் அவர் சொல்ல வந்ததைப் பறித்தது போல இருக்கும்.

அவர் சொல்லக்கூடியவை நான்கைந்துதான். "ககுனின் ஷிமஸ்" என்றால் சரிபார்த்து வருகிறேன். "ஒதொரிகயெ" என்ற சொல் வந்தால் மாற்றித் தருவது. "த்சுகுரினவொஷி" வந்தால் புதிதாகச் செய்து தருவது. "ஷோஷோ ஒமச்சி குதசாய்" என்றால் கொஞ்சம் காத்திருங்கள். வாக்கியம் முழுக்கப் புரியாவிட்டாலும் இந்தச் சொற்களைக் காதில் பிடித்தால் போதும்.

பீட்சா மாறி வந்துடுச்சுன்னு வைங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எப்படிப் பேசுறது?

குடும்ப உணவகம் ஒன்றில் மருகெரீத்தா பீட்சா சொன்னீர்கள். சலாமி போட்டது வந்திருக்கிறது. முதல் வேலை, தட்டைத் தொடாமல் வைப்பது. இரண்டாவது, நீங்கள் ஆர்டர் செய்ததைப் பார்ப்பது. மேசையில் டேப்லெட் இருந்தால் 注文履歴 என்ற பொத்தானை அழுத்தினால் இதுவரை கேட்டதெல்லாம் வரும். இல்லையென்றால் மேசையோரம் செருகியோ கவிழ்த்தோ வைத்திருக்கும் பில் சீட்டைப் பாருங்கள்; அதற்கு தென்பியோ என்று பெயர். அதிலேயே சலாமி என்று இருந்தால், அழுத்தும்போது நீங்கள் மாற்றியிருக்கலாம், அல்லது குறித்துக்கொண்டவர் மாற்றியிருக்கலாம். இது தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

சீட்டில் மருகெரீத்தா என்றே இருக்கிறது, சரி. மேசையில் உள்ள அழைப்பு மணியை ஒரு முறை அழுத்துங்கள். ஊழியர் வந்ததும், தட்டை விரலால் குத்திக் காட்டாமல், கையை விரித்து அதன் பக்கம் நீட்டி, "சுமிமசென், கொரெ, ச்சூமொன் ஷ்த மொனொ தொ ச்சிகவு மிதாய் நந்தெஸ்ங்க…" அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்ன ஆர்டர் செய்தீர்கள் என்பார். "மருகெரீத்தா ஒ தனொந்தந்தெஸ்ங்க…" அதாவது, மருகெரீத்தா கேட்டிருந்தேன். இங்கேயும் கடைசியில் அதே இழுவை.

அவர் "சுகு ஒதொரிகயெ இதஷிமஸ், ஷோஷோ ஒமச்சி குதசாய்" என்று தட்டை எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல வேண்டியது, "அப்படியே செய்யுங்க" என்று பொருள்படும் "ஒனெகய் ஷிமஸ்" மட்டும். புதியது வந்ததும் லேசாகத் தலையசைத்து "அரிகதோ கொசய்மஸ்". அதோடு விஷயம் முடிந்தது. போகும்போது கல்லாவில் மறுபடி அதைக் கிளற வேண்டியதில்லை. கட்டணச் சீட்டில் சலாமி ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்தித் தரட்டுமான்னுதான் கேட்டாங்க. "தய்ஜோபு தெஸ்"னு சொன்னேன். அப்புறம் ஒண்ணுமே வரலை, ஏன்?

வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தய்ஜோபு என்றால் "ஓகே" என்று எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். ஆனால் ஒருவர் ஏதாவது செய்து தரட்டுமா என்று கேட்கும்போது தய்ஜோபு சொன்னால், "பரவாயில்லைங்க, இருக்கட்டும்" என்று பொருள். பை வேண்டுமா, ஸ்பூன் வேண்டுமா என்று கேட்கும்போதும் இதே கதைதான். "கெக்கோ தெஸ்" என்பதும் அப்படியே.

மாற்றித் தர வேண்டும் என்றால் "ஹய், ஒனெகய் ஷிமஸ்". நேரமில்லை, இருப்பதையே சாப்பிடுகிறேன் என்றால் அப்போது, "கொரெ தெ தய்ஜோபு தெஸ்" (இதுவே போதும்). அதையும் சிரித்த முகமாகச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தய்ஜோபு சொன்னால் அவர்கள் நிம்மதியாகப் போக மாட்டார்கள்.

பசியில ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கவனிச்சேன். இப்பச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பரிகாரத்தை எதிர்பார்த்துச் சொல்லாதீர்கள். "சுகொஷி தபெதெ ஷிமத்தந்தெஸ்ங்க" (கொஞ்சம் சாப்பிட்டுவிட்டேன், ஆனால்…) என்று முதலில் ஒப்புக்கொண்டு, அப்புறம் முதல் பதிலில் உள்ள வரியைச் சொல்லுங்கள். கடையின் தப்பு என்றால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். முக்கால்வாசி காலியாகிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். என் கருத்து, இதில் மொழி எதுவும் உதவாது.

நான் சைவம். "நிகு" இல்லாம கேட்டேன், ஆனா பேக்கன் கிடக்குது. அவங்க தப்புதானே?

அவர்கள் கண்ணோட்டத்தில் தப்பே நடக்காமல் இருக்கலாம். இதுதான் நம்மவர்களுக்கு அதிகம் நடப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "நிகு" என்றால் அகராதியில் இறைச்சி. ஆனால் அன்றாடப் பேச்சில் நிகு என்றதும் மனதில் வருவது மாட்டு, பன்றித் துண்டுகள். ஹாம், பேக்கன் போன்றவற்றை ருசிக்காகத் தூவும் பொருளாக நினைப்பவர்கள் நிறைய. மீன் இன்னும் தனி. மிசோ சூப், ஊதொன், சொபா ஆகியவற்றின் சாற்றுக்கு அடிப்படையான தஷி பெரும்பாலும் கத்சுவொபுஷி என்ற காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. அதை யாரும் மீன் உணவு என்று சொல்லிக் காட்டுவதில்லை. ஆகவே "ச்சிகவு மிதாய்" என்று ஆரம்பித்தால் அவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, கேட்டதுதானே வந்திருக்கிறது என்று குழம்பிப்போவார்கள்.

இங்கே வரியை மாற்றுங்கள். "சுமிமசென், பேகொன் ங்க ஹய்த்தெரு மிதாய் நந்தெஸ்ங்க…" அதாவது, பேக்கன் இருக்கிற மாதிரி தெரிகிறதே. "ஹய்த்தெரு" என்றால் உள்ளே இருக்கிறது. போட்டவர் யார் என்ற பேச்சே இல்லை. உடனே காரணத்தைச் சேருங்கள்: "நிகு மொ சகனா மொ தபெரரெனயிந்தெஸ்" (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது). "சாப்பிட மாட்டேன்" என்று சொல்லாமல் "முடியாது" என்றே சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பிடிக்காது என்று எடுத்துக்கொள்வார்கள், முடியாது என்றால் பொறுப்பாகக் கவனிப்பார்கள்.

அடுத்த சிக்கல், உள்ளே கொண்டுபோய் பேக்கன் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். அவர்களைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்வு. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால், தட்டை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "த்சுகுரினவொஷ்தெ மொரயெமஸ் க்கா?" (புதிதாகச் செய்து தர முடியுமா?) இது கட்டளை இல்லை, வேண்டுகோள், ஆனால் பேக்கன் வந்தது அவர்கள் தப்பாக இல்லாதபட்சத்தில் இரண்டாவது தட்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்கத் தயாராக இருங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே ஹாம், பேக்கன், தஷி என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் உண்மையான வழி.

கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுவந்து வச்சாங்க, பில்லுலயும் போட்டுட்டாங்க. இதுக்கும் அதே வரிதானா?

அது இசகயா எனப்படும் மது பரிமாறும் கடையாக இருந்தால், வேண்டாம், அது தப்பாக வந்ததில்லை. ஒதோஷி என்ற வழக்கம் அது. உட்கார்ந்ததும் ஏதோ ஒரு சிறு பதார்த்தம் வரும், ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். ஒசாகா பக்கம் இதையே த்சுகிதஷி என்பார்கள். உட்காரும் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் உட்கார்ந்தவுடன், கிண்ணம் வரும் முன் கேட்டுப் பார்க்கலாம். சில கடைகள் ஒப்புக்கொள்ளும், சில ஒப்புக்கொள்ளாது.

ஒதோஷி அல்லாத வேறொன்று, கேட்காத ஒரு பீர் மாதிரி, பில்லில் இருந்தால் அது வேறு விஷயம். "கொரெ, தனொந்தெ நய் தொ ஒமோவுந்தெஸ்ங்க…" (இது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்…) என்று அந்த வரியைக் காட்டுங்கள். "தனொந்தெ நய்" என்று மட்டும் நிறுத்தினால் வெடுக்கென்று இருக்கும். "நினைக்கிறேன்" என்ற வால் இங்கே மிதாய் செய்யும் வேலையைச் செய்கிறது.

ராமென் கடை மெஷின்ல நானே தப்பான பொத்தானை அழுத்திட்டேன். என்ன சொல்ல?

இப்போதுதான் மச்சிகயெரு உதவிக்கு வருகிறது. சீட்டை ஊழியரிடம் நீட்டி, "சுமிமசென், மச்சிகயெதெ ஒஷ்தெ ஷிமத்தந்தெஸ்ங்க…" (தப்பாக அழுத்திவிட்டேன்…) என்று நிறுத்துங்கள். சமையலுக்குப் போகும் முன் சொன்னால் பெரும்பாலும் விலை வித்தியாசத்தை வாங்கிக்கொண்டோ கொடுத்தோ மாற்றிவிடுவார்கள். கிண்ணம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. அந்த மெஷினில் கடைக்காரர் குறித்துக்கொள்வதே இல்லை, அதனால் "மாறி வந்திருக்கு போல" என்று அவர்கள் பக்கம் தள்ளவும் வழியில்லை.

பார்சல் வாங்கி வீட்டுக்கு வந்து பிரிச்சா வேற சாப்பாடு. திரும்பப் போகணுமா, போன் பண்ணணுமா?

போன் செய்யுங்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் சீட்டு எண்ணும் அதில் இருக்கும், அவர்கள் கேட்பது அதைத்தான். "சகிஹொதொ தெய்குஅவுதொ ஷ்த மொனொ நந்தெஸ்ங்க…" (சற்று முன் பார்சல் வாங்கியிருந்தேன்…) என்று நிறுத்தி, அவர் "ஹய்" என்றதும், "நகமி ங்க ச்சிகத்தெ இத மிதாய் தெ…" (உள்ளே இருப்பது வேறாக இருந்தது போல…) இரண்டு துண்டாகச் சொல்வது முக்கியம். போனில் நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டினால், நம் உச்சரிப்பில் பாதி போய்ச் சேராது.

கல்லாவில் மீதிச் சில்லறை குறைந்தாலும் வார்ப்பு அதேதான்: "ஒத்சுரி ங்க ச்சிகவு மிதாய் நந்தெஸ்ங்க…" ஆனால் அதைக் கல்லாவை விட்டு நகரும் முன், காசைப் பையில் போடும் முன் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? போன்ல தமிழ்ல டைப் பண்ணி, ஜப்பானியத்துல காட்டினா போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் என்ன டைப் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "இது நான் ஆர்டர் செய்தது இல்லை" என்று கொடுத்தால், மேலே சொன்ன வாக்குமூல வாக்கியம்தான் பெரிய எழுத்தில் திரையில் நிற்கும். "மன்னிக்கவும், இது ஆர்டரிலிருந்து வேறாக இருப்பது போலத் தெரிகிறது" என்று கொடுத்தால் நன்றாகவே வரும். போனை நீட்டும் முன் வாயால் ஒரு சுமிமசென் சொல்லிவிடுங்கள். பேசாமல் திரையை முகத்துக்கு நேரே பிடிப்பது எந்த ஊரிலும் நன்றாக இருக்காது.

அவங்க ஒத்துக்கலைன்னா மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி "க்ளெய்ம்"னு சொல்லலாமா?

அந்தச் சொல்லை மட்டும் தொடாதீர்கள். ஜப்பானியத்தில் "குரேமு" என்றால் உரிமைகோரல் இல்லை, சண்டை பிடிக்கும் புகார். "குரேமா" என்றால் அதையே தொழிலாக வைத்திருக்கும் வாடிக்கையாளர். மேனேஜரை (தெஞ்ச்சோ) கூப்பிடச் சொல்வதும் ஒரு படி ஏறுவதுதான். மறுத்தால் முதலில் சீட்டையும் பொருளையும் பக்கத்தில் வைத்து, "மோ இச்சிதொ ககுனின் ஷ்தெ மொரயெமஸ் க்கா?" (இன்னொரு முறை சரிபார்க்க முடியுமா?) என்று கேளுங்கள். பெரும்பாலான ஊழியர்கள் அதற்குள் தாங்களே மூத்தவரை அழைத்துவிடுவார்கள்.

குரலை உயர்த்துவது இப்போது வெறும் நாகரிகப் பிரச்சினை மட்டும் இல்லை. வாடிக்கையாளர் ஊழியரைத் துன்புறுத்துவதற்கு "கசுஹரா" என்று பெயர். அதைத் தடுக்க டோக்கியோ பெருநகர அரசு கொண்டுவந்த விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனால் கடைகள் "இதற்கு மேல் பேச முடியாது" என்று சொல்ல அது துணை நிற்கிறது. நியாயமான குறையை அமைதியாகச் சொல்வதை அது தடுக்கவில்லை.

பொருள் பெரிய விலை, ஆன்லைன்ல வாங்கினது. வேற பொருள் வந்திருக்கு, விற்றவர் பதிலே சொல்லலை. அப்ப?

எழுத்தில் அனுப்பும்போதும் அதே வார்ப்புதான்: ஆர்டர் எண், கேட்டது, வந்தது, இரண்டும் வேறாக இருப்பது போலத் தெரிகிறது, பார்த்துச் சொல்ல முடியுமா. படங்களைச் சேர்த்துவிடுங்கள். வேறு பொருள் வந்திருந்தால் அது விற்றவர் பொறுப்பு. "வேண்டாம், மனசு மாறிடுச்சு" என்பது தனிக் கணக்கு. அதற்கு அந்தத் தளத்தில் திருப்பி வாங்கும் விதி என்ன போட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். விதி எதுவுமே போடாமல் விற்றிருந்தால், பொருள் கைக்கு வந்து 8 நாளுக்குள் உங்கள் அனுப்புச் செலவில் திருப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. நேரில் கடைக்குப் போய் வாங்கியதற்கு இந்த 8 நாள் கிடையாது.

பதிலே வராவிட்டால் 188 என்ற எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் உதவி எண் அது. உங்கள் பகுதியின் நுகர்வோர் மையத்தோடு இணைத்துவிடுவார்கள். எண்ணை "இயயா" என்று படித்து நினைவில் வைக்கிறார்கள், "வேண்டவே வேண்டாம்" என்பது போல ஒரு சொல் அது. பேச்சு ஜப்பானியத்தில்தான் போகும் என்று நினைத்து, மொழி தெரிந்த நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழையுங்கள். ஆர்டர் எண், தேதி, விற்றவருக்கு நீங்கள் அனுப்பிய செய்தி மூன்றும் கையில் இருக்கட்டும்.